மண்டபத்தின் அளவு டைனிங் ஹாலில் இருக்கிறது

கல்யாண மண்டப விளம்பரங்களில் மூன்று விஷயங்கள் தவறாமல் இருக்கும்: ஆயிரம் பேர் அமரும் வசதி, விசாலமான கார் பார்க்கிங், பஸ் நிலையத்துக்கு அருகில். மூன்றும் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதை அளந்து அப்படி எழுதினார்கள் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் ரிசப்ஷன் இரவு எட்டரை மணிக்கு வாசலுக்கும் பந்திக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் அந்த ஆயிரம். நூறு அடி நீளம், அறுபது அடி அகலம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 சதுர அடி. மேடை, அதன் முன்னால் போட்டோ, வீடியோக்காரர்கள் நிற்கும் இடம், நடுவிலும் ஓரங்களிலும் நடைபாதை எல்லாம் சேர்ந்து 1,500 அடியைத் தின்றுவிடும். மீதி 4,500. ஒரு நாற்காலிக்கு, முன்வரிசைக்காரர் முதுகில் முழங்கால் இடிக்காமல் உட்கார, ஆறு ஏழு சதுர அடியாவது வேண்டும். ஆக எழுநூறு நாற்காலி போடலாம். முன்வரிசையில் சோபா போட்டால் அதிலும் குறையும். பிறகு ஆயிரம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பால்கனியையும் டைனிங் ஹாலையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இதற்காக மேனேஜரிடம் சண்டை போட வேண்டியதில்லை. நம் கல்யாணங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து மேடையைப் பார்ப்பதில்லை. வருகிறார்கள், மொய்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், போட்டோவுக்கு நிற்கிறார்கள், சாப்பிடப் போகிறார்கள். மண்டபம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது பந்திதான்.

டைனிங் ஹாலில் 240 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழ இருபத்தைந்து நிமிடம். இலை எடுத்து, பேப்பர் ரோலை மாற்றி, அடுத்த பந்திக்குத் தயாராக இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். ஆக ஒரு பந்திக்கு நாற்பது நிமிடம். ஏழு மணி முதல் பத்து மணி வரை நான்கு பந்தி, 960 பேர். காகிதத்தில் கணக்கு அழகாக முடிகிறது.

நடப்பது வேறு. ஏழு மணிப் பந்தியில் பாதி நாற்காலி காலி. வயதானவர்களும், சின்னக் குழந்தைகளோடு வந்தவர்களும், பஸ் பிடிக்க வேண்டியவர்களும்தான் அதில் இருப்பார்கள். ஆபீஸ் முடிந்து வருகிற கூட்டம் எட்டு மணிக்கு மேல்தான் உள்ளே நுழையும். எட்டு முதல் ஒன்பதே கால் வரை இரண்டு பந்திதான் நடக்கும், அதாவது 480 பேர். எண்ணூறு பேருக்கு அழைப்பு வைத்து, அதில் அறுநூறு பேர் அந்த நேரத்தில் வந்தால், நூற்றிருபது பேர் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். பாயசம் வருவதற்குள் நம் முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பதை விடக் கொடுமை கல்யாணச் சாப்பாட்டில் வேறில்லை. எனவே அழைத்தவர்களில் உச்ச நேரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டில் ஒரு கணக்குப் போட்டு, அதில் பாதிப் பேராவது ஒரே பந்தியில் உட்காரக்கூடிய டைனிங் ஹாலைத் தேடுங்கள்.

அந்த 240ஐயும் நேரில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஆறடி மேஜைக்கு மூன்று பேர் என்பது நியாயம். ஒருவருக்கு இரண்டடி இலை. நான்கு நாற்காலி போட்டிருந்தால் முழங்கை இடிக்கும், இலை ஒன்றன் மேல் ஒன்று ஏறும். மேஜைகளை எண்ணி மூன்றால் பெருக்கினால் உண்மையான எண் வந்துவிடும். எதிர்வரிசைக்கும் இந்த வரிசைக்கும் நடுவில் சாம்பார் வாளியோடு ஒருவர் போகும்போது இன்னொருவர் எதிரே வர முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாது என்றால் நாற்பது நிமிடப் பந்தி ஐம்பது நிமிடமாகும்.

பார்க்கிங் கணக்கு இதைவிட எளிது. ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் போதும். ஆனால் அது உள்ளே வரவும், திரும்பவும், வெளியே போகவும் வழி விட்டால் சுமார் 250 சதுர அடி ஆகிவிடும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் ஒன்பது, மிஞ்சினால் பத்துக் கார். நூறு கார் என்று விளம்பரத்தில் இருந்தால், பார்க்கிங்குக்கு மட்டும் பத்துக் கிரவுண்டு காலியாக இருக்க வேண்டும், அரை ஏக்கருக்கும் மேல். அவ்வளவு இடம் கண்ணில் படவில்லையென்றால் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்கள் என்று அர்த்தம். உள்ளே மாட்டிய கார்க்காரர் கிளம்ப வேண்டுமானால் மைக்கில் வண்டி நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

எண்ணூறு பேரில் கால்வாசி காரில், காருக்கு மூன்று பேர் வீதம் வந்தால் 67 கார். எல்லாம் ஒரே நேரத்தில் நிற்காது. உச்ச நேரத்தில் 45 என்று வைத்தால் ஐந்து கிரவுண்டு போதும். பைக்குகளுக்குத் தனி இடம் கேளுங்கள், இல்லையென்றால் அவை கார் வழியை அடைத்துவிடும். ஜெனரேட்டர், சமையல் சாமான் வண்டி, டெக்கரேஷன் வேன், மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் ஆகியவை நிற்கும் இடத்தையும் கழித்துவிடுங்கள். இதையெல்லாம் அறிய ஒரு வழி உண்டு. மண்டபத்தைப் பகலில் காலியாகப் பார்த்துவிட்டு வராமல், வேறொருவர் கல்யாணம் நடக்கும் ஒரு முகூர்த்த நாளின் முந்தைய மாலை, எட்டு மணிக்குப் போய் கேட் அருகே கால்மணி நேரம் நில்லுங்கள். ரோடு வரை வண்டி நின்றால் வேறு கேள்வியே வேண்டாம்.

மூன்றாவது, 'அருகில்' என்ற சொல். யாருக்கு அருகில் என்று சொல்லாத விளம்பரத்தால் பயனில்லை. சென்னையில் இது அண்மையில் தலைகீழாகவே மாறியது. தென்மாவட்டப் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதுவரை மதுரை, திருநெல்வேலி உறவினர்கள் கோயம்பேட்டில் இறங்கினார்கள்; கோயம்பேடு அருகில் என்பது மண்டபத்துக்குப் பெரிய பலம். இப்போது அவர்கள் விடியற்காலையில் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே இறங்குகிறார்கள். ஒரு காலத்தில் தூரம் என்று ஒதுக்கப்பட்ட ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி மண்டபங்கள் அவர்களுக்குப் பக்கமாகிவிட்டன.

ஆனால் அதே கல்யாணத்துக்கு முந்தைய மாலை தி.நகரிலிருந்து வருகிறவருக்கு அந்த மண்டபம் தூரம்தான். ஆபீஸ் விடும் நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கு நோக்கிப் போகும் நெரிசல் தெரிந்ததே. வெள்ளிக்கிழமை என்றால் ஊருக்குப் போகும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கிலோமீட்டரைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. செங்கல்பட்டு மின்சார ரயிலில் எந்த ஸ்டேஷன், அங்கிருந்து நடக்கும் தூரமா, தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதுதான் அவருக்கு வேண்டும். மண்டபம் ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் எந்த இடத்தில் யூ டர்ன் எடுக்க வேண்டும் என்பதைப் பத்திரிகையின் வரைபடத்திலேயே போட்டுவிடலாம். விடியற்காலை முகூர்த்தமென்றால், ஐந்து மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களை அழைத்துவர ஒரு வேனை முந்தைய இரவே பேசி வைக்க வேண்டியிருக்கும். அந்த வாடகையையும் மண்டப வாடகையோடு கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்ல முடியும்.