ஒரு தவணை, இரண்டு கணக்கு

கோவையில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர் ஏப்ரல் 1 அன்று வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் வாங்கி ஒரு இயந்திரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதம், 36 மாதத் தவணை. மாதக் கடைசியில் 19,929 ரூபாய் கட்ட வேண்டும். பன்னிரண்டு தவணையையும் பிசகாமல் கட்டிவிட்டார். மார்ச் 31 அன்று அவருடைய பேரேட்டில் கடன் பாக்கி 3,60,852 ரூபாய் என்று நிற்கிறது. வங்கி தந்த அறிக்கையோ 4,23,345 ரூபாய் என்கிறது.

வங்கி அவரை ஏமாற்றவில்லை. கட்டிய தவணை முழுவதையும் அவர் கடன் கணக்கிலேயே கழித்து எழுதியிருக்கிறார். இடையில் உள்ள 62,493 ரூபாய்தான் அந்த ஆண்டின் வட்டி. அது செலவுக் கணக்கில் எங்குமே இல்லை. அதனால் லாபம் அதே அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். வராத லாபத்துக்கு வரி கட்ட நேரும்.

தவணையைப் பிரிக்கும் கணக்கு எளிது. அந்த மாதத் தொடக்கத்தில் எவ்வளவு பாக்கி இருந்ததோ அதற்கு ஒரு மாத வட்டி போட வேண்டும். தவணையில் அந்த வட்டி போக மிஞ்சுவது அசல். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு 1 சதவீதம். முதல் மாதம் 6 லட்சத்துக்கு வட்டி 6,000 ரூபாய். கட்டிய 19,929-இல் அது போக 13,929 ரூபாய் அசலில் கழியும். பாக்கி 5,86,071 ஆகும். இரண்டாம் மாதம் வட்டி இந்தப் பாக்கிக்குத்தான்: 5,861 ரூபாய். அசலுக்கு 14,068 போகும். மூன்றாம் மாதம் வட்டி 5,720. இப்படி மாதாமாதம் வட்டி கொஞ்சம் இறங்கும், அசல் அதே அளவு ஏறும். கடைசித் தவணையில் வட்டி 200 ரூபாய்கூட இராது. மூன்றாண்டுக்கும் சேர்த்து வட்டி சுமார் 1,17,400 ரூபாய். அதில் பாதிக்கு மேல் முதல் ஆண்டிலேயே போய்விடுகிறது. “இவ்வளவு கட்டியும் கடன் குறையவே இல்லையே” என்று முதல் ஆண்டில் பலர் சலித்துக்கொள்வது இதனால்தான்.

கணினியில் பார்க்க விரும்புவோர் எக்செல்லில் இந்த இரண்டு வரிகளைத் தட்டினால் போதும். முதலாவது தவணைத் தொகையைத் தரும், இரண்டாவது முதல் மாத வட்டியை.

```
=PMT(12%/12,36,-600000)
=IPMT(12%/12,1,36,-600000)
```

இனி பதிவுகள். கடன் வந்த அன்றே முதல் சறுக்கல் காத்திருக்கிறது. வங்கி ஒரு சதவீதம் பரிசீலனைக் கட்டணமாக 6,000 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 1,080 ரூபாயும் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 5,92,920. அதையே கடன் என்று எழுதிவிடக் கூடாது. கடன் கணக்கில் 6,00,000 வரவு. எதிர்ப்பக்கம் வங்கிக் கணக்கில் 5,92,920, பரிசீலனைக் கட்டணத்தில் 6,000, ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியில் 1,080 பற்று. கைக்கு வந்ததை மட்டும் எழுதினால் கடன் முடியும் நாளில் 7,080 ரூபாய் இடிக்கும்; மூன்று வருஷத்துக்குப் பிறகு அதன் காரணத்தைத் தேடுவது பெரும்பாடு.

மாதத் தவணையை ஒரே பதிவில் எழுதலாம்: கடன் கணக்கில் 13,929 பற்று, வட்டிச் செலவில் 6,000 பற்று, வங்கியில் 19,929 வரவு. தவறில்லை. ஆனால் இரண்டாகப் பிரித்து எழுதுவதே எனக்கு உசிதமாகப் படுகிறது. முதலில் ஜர்னலில் வட்டிச் செலவில் 6,000 பற்று, கடன் கணக்கில் 6,000 வரவு. பிறகு பேமென்ட் வவுச்சரில் கடன் கணக்கில் 19,929 பற்று, வங்கியில் 19,929 வரவு. கடன் கணக்கு 6,00,000-இலிருந்து 6,06,000-க்கு ஏறி, 5,86,071-க்கு இறங்கும். பல வங்கிகளின் கடன் அறிக்கையும் இதே வரிசையில்தான் இருக்கும்: மாதக் கடைசியில் வட்டியை ஏற்றுவார்கள், தவணை வந்ததும் கழிப்பார்கள். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி டிக் அடித்துக்கொண்டே போகலாம்.

இந்த முறையின் அருமை ஒரு தவணை திரும்பிப்போகும் மாதத்தில் தெரியும். மூன்றாம் மாதம் வங்கிக் கணக்கில் பணம் போதாமல் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது என்று வையுங்கள். பணம் போகாததால், ஒரே பதிவில் எழுதுகிறவர் அந்த மாதம் எதையும் எழுத மாட்டார். ஆனால் வட்டி ஓடத்தான் செய்யும். 5,72,003 ரூபாய் பாக்கியில் 5,720 வட்டி ஏறி 5,77,723 ஆகும். அடுத்த மாத வட்டி அதன்மேல் 5,777 ரூபாய். தவணை கட்டியிருந்தால் 5,578-தான் வந்திருக்கும். தாமதத்துக்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்காமல் தனிக் கட்டணமாகத்தான் விதிக்க வேண்டும் என்பது 2024 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அதையும் பவுன்ஸ் கட்டணத்தையும் வட்டியில் கலக்காமல் வேறு தலைப்பில் எழுதுங்கள்.

நேர் எதிரான பிழையும் உண்டு. தவணை முழுவதையும் ‘வட்டி’ என்று செலவில் தள்ளிவிடுவது. அப்போது 2,39,148 ரூபாய் செலவாகிவிடும். கடனோ ஆண்டு முடிவிலும் அசையாமல் 6 லட்சமாகவே நிற்கும். அசலைத் திருப்பித் தருவது செலவே அல்ல. இயந்திரத்தின் விலை தேய்மானம் வழியாகத் தனியே செலவுக்கு வருகிறது. அசலையும் செலவாக எழுதினால் ஒரே இயந்திரம் இரண்டு முறை கழிக்கப்படும். வருமான வரி அதிகாரி கேட்டால் பதில் இராது.

கடன் தந்த அன்று கொடுத்த தவணை அட்டவணையை அப்படியே நம்பி மூன்றாண்டும் எழுதுவதும் சரிப்படாது. பல வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. 30 நாள் ஏப்ரலுக்கு 6 லட்சத்தின் வட்டி 6,000 அல்ல, 5,918 ரூபாய். 31 நாள் மாதங்களில் கொஞ்சம் கூடும். ரெப்போவோடு இணைந்த கடன் என்றால் விகிதமே நடுவில் மாறும். அப்போது தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு மாதங்களின் எண்ணிக்கையை நீட்டுவதும் உண்டு. வெளியே 19,929 என்றே போய்க்கொண்டிருக்கும், உள்ளே பங்கு மாறியிருக்கும். அட்டவணை ஓர் உத்தேசம். எழுத வேண்டியது வங்கி அறிக்கையில் உள்ள வட்டியை.

ஆண்டு முடிவில் இன்னொரு பிரிப்பு இருக்கிறது. மிஞ்சிய 4,23,345 ரூபாயில் வரும் பன்னிரண்டு மாதங்களில் கட்ட வேண்டிய அசல் சுமார் 1,99,059. இருப்புநிலைக் குறிப்பில் அதை நடப்புப் பொறுப்பாகவும், மீதி 2,24,286-ஐ நீண்டகாலக் கடனாகவும் காட்ட வேண்டும். அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி அதிகாரி முதலில் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. வருகிற ஆண்டில் இவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை அதிலிருந்துதான் கணிப்பார்.

கடன் தந்தது வங்கியாக இல்லாமல் நிதி நிறுவனமாக இருந்தால் வட்டியைப் பிரித்தறிய இன்னொரு கட்டாயமும் சேரும். விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய தொழில்கள் அத்தகைய நிறுவனத்துக்குச் செலுத்தும் வட்டியில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வங்கிக்குச் செலுத்தும் வட்டிக்கு இது கிடையாது. தவணையோ முழுதாகத் தானியங்கி முறையில் போய்விடுகிறது. ஆகவே டிடிஎஸ்ஸைத் தன் கையிலிருந்து கட்டி, அதே தொகையை ‘நிதி நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது’ என்று எழுதிவைத்து, சான்றைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். கேட்டு வாங்காதவர்களுக்கு அந்தப் பணம் தானாக வந்து சேர்வதில்லை.