சுண்ணாம்புக்கல்லில் விளையும் செம்பு: ஸ்கார்ன் தாதுப் படிவுகள்

நிலத்தடியில் உருகிய கிரானைட் குழம்பு மேலெழும்பி ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கைத் தொடும் இடத்தில், இரண்டு பாறைகளும் ஒன்றோடொன்று வேதிவினை புரிந்து மூன்றாவதாக ஒரு பாறையாகின்றன. அதுதான் ஸ்கார்ன். கிரானைட்டில் சிலிக்கா மிகுதி; சுண்ணாம்புக்கல்லிலோ கால்சியம் மிகுதி. குழம்பின் வெப்பமும், அது குளிரும்போது வெளியேறும் சூடான உப்பு நீரும் இவ்விரண்டையும் கலக்க வைக்கின்றன.

இந்த வினையின் எளிய வடிவம் இது:

CaCO₃ + SiO₂ → CaSiO₃ + CO₂

கால்சைட்டும் சிலிக்காவும் சேர்ந்து வொலஸ்டனைட் என்ற வெண்மையான நார்க்கனிமம் உருவாகிறது. சுண்ணாம்புக் காளவாயில் நடப்பதுபோலவே இங்கும் கரியமில வாயு பிரிந்து போகிறது. ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்தில் உள்ள பேல்கா பஹாடில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. சிலிக்கா கலந்த சுண்ணாம்புப் பாறையை எரின்புரா கிரானைட் சூடாக்கியதில் விளைந்த வொலஸ்டனைட்டை அங்கே வெட்டியெடுத்துப் பீங்கான், பெயிண்ட் தொழில்களுக்கு அனுப்புகிறார்கள்.  

மேலே சொன்ன வினையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உருவாகும் வொலஸ்டனைட்டின் கனஅளவு, வினைக்குள் போன கால்சைட், சிலிக்கா இரண்டின் மொத்தக் கனஅளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது வாயு வெளியேறியதும் பாறை சுருங்கி, அதில் துளைகளும் வெடிப்புகளும் உண்டாகின்றன. வெப்பத்தில் சலவைக்கல்லாக மாறிய சுண்ணாம்புக்கல்லுக்குள் எளிதில் புக முடியாத தாதுநீருக்கு இப்படித்தான் வழி கிடைக்கிறது. ஸ்கார்னில் உலோகம் சேர்வதற்கு இந்தச் சுருக்கம் பெரிய காரணம்.

வழி திறந்த பின் நடப்பவை இரண்டு கட்டங்களாக வருகின்றன. முதலில், சுமார் 500 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இரும்பையும் சிலிக்காவையும் சுமந்து வரும் நீர் கார்னெட், பைராக்சீன் ஆகிய கனிமங்களை வளர்க்கிறது. இவற்றில் விலைபோகும் உலோகம் அதிகம் இராது. வெப்பம் சுமார் 400 பாகைக்குக் கீழே இறங்கும்போதுதான் தாது படியத் தொடங்குகிறது. செம்பும் துத்தநாகமும் அமிலத்தன்மையுள்ள உப்பு நீரில் குளோரைடுகளாகக் கரைந்து வருகின்றன. எஞ்சியிருக்கும் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறிக்கிறது. அமிலம் போனதும் உலோகங்கள் கரைந்திருக்க முடியாமல், கந்தகத்தோடு சேர்ந்து அங்கேயே படிகின்றன. முன்பு வளர்ந்த கார்னெட்டும் இந்தக் கட்டத்தில் ஓரளவு சிதைந்து, எபிடோட் போன்ற பச்சை நிறக் கனிமங்களாக மாறுகிறது.

ஒரு ஸ்கார்னில் எந்தப் பக்கம் தேடுவது என்பதைக் கார்னெட்டின் நிறமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். கிரானைட்டுக்கு அருகில் அது கரும்பழுப்பாக இருக்கும். சலவைக்கல்லை நெருங்க நெருங்க வெளிறி, பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். சலவைக்கல்லின் விளிம்பில் பெரும்பாலும் வொலஸ்டனைட் நிற்கும். சில ஸ்கார்ன்களில் இருக்கும் டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் பகலில் சாதாரண வெள்ளைக் கல்லாகவே தெரிவதால், புவியியலாளர்கள் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டி, அதன் நீல ஒளியை வைத்து அடையாளம் காண்கிறார்கள்.

உலோகம் திரண்ட ஸ்கார்னுக்கு நல்ல உதாரணம் நியூ கினித் தீவின் மேற்குப் பகுதியில், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள எர்ட்ஸ்பர்க். 1936இல் கார்ஸ்டென்ஸ் பனிமலைகளில் ஏறச் சென்ற டச்சுப் புவியியலாளர் ழான் ழாக் டோஸி, சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் தனித்து நின்ற ஒரு கரும்பாறைக் குன்றைக் கண்டார். கறுப்பு நிறம் மாக்னடைட்டால் வந்தது; ஆங்காங்கே தெரிந்த பச்சைக் கறை செம்பின் அடையாளம். அவருடைய அறிக்கை 1939இல் வெளியானது. போர் குறுக்கிட்டதால் இருபது ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1960இல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ் வில்சன் காட்டு வழியே நடந்து சென்று மாதிரிகள் எடுத்துவந்த பிறகே, 1970களின் தொடக்கத்தில் சுரங்கம் திறக்கப்பட்டது.

அங்கே சூடேற்றியது கிரானைட்டின் உறவான, சிலிக்கா சற்றுக் குறைந்த டயோரைட். வயது ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டுகள்; பாறைகளின் கணக்கில் மிக இளமை. அந்த டயோரைட் சூழ்ந்துகொண்ட ஒரு சுண்ணாம்புக்கல் துண்டு ஏறத்தாழ முழுவதுமாக ஸ்கார்னாக மாறியது. மாறிய பாறை கடினமானது. ஆகவே பனியாறு சுற்றியுள்ளவற்றைத் தேய்த்தபோதும் அது மட்டும் குன்றாக நிமிர்ந்து நின்றது. அதில் இருந்த சுமார் 3.3 கோடி டன் தாதுவில் செம்பு 2.5 சதவீதம் அளவில் இருந்தது. அதன் பாதி அளவு செம்புகூட இல்லாத தாதுவையும் உலகில் லாபத்தோடு வெட்டுகிறார்கள்.

ஆனால் ஸ்கார்னின் குறையும் எர்ட்ஸ்பர்க்கிலேயே தெரிகிறது. தாது சீரான அடுக்காக அமையாது. சுண்ணாம்பு எங்கே முடிகிறதோ அங்கே அதுவும் திடீரென முடிந்துவிடும். எனவே நெருக்கமாகத் துளையிட்டுப் பார்க்காமல் அளவு சொல்ல முடியாது. 1980களின் இறுதியில் எர்ட்ஸ்பர்க் குன்று முழுவதும் வெட்டப்பட்டு, அது நின்ற இடம் பெரும் பள்ளமானது. அதற்குள், கிழக்கே அதே டயோரைட்டின் விளிம்பில் துளையிட்டவர்கள் மேற்பரப்பிலிருந்து ஆழமாக இறங்கும் வேறொரு ஸ்கார்னைக் கண்டிருந்தார்கள். அங்கே நிலத்தடிச் சுரங்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைக்கப்பட்டன.