ஃபோட்டானுக்கு ஜெராக்ஸ் கிடையாது

1981இல் இஸ்ரேல் இயற்பியலாளர் ஆஷர் பெரஸிடம் ஒரு கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் அமெரிக்கரான நிக் ஹெர்பர்ட். ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப ஒரு கருவி சாத்தியம் என்று அவர் எழுதி, அதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயரும் வைத்திருந்தார். அது நடக்காத காரியம் என்பது பெரஸுக்குத் தெரியும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையோடு நேருக்கு நேர் மோதுகிற விஷயம். இருந்தும் கட்டுரையை வெளியிடலாம் என்றே அவர் பரிந்துரைத்தார். பிழையைத் தேடிப் போகிறவர்களுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

ஹெர்பர்ட்டின் யோசனையை இப்படிச் சுருக்கலாம். ஒரே மூலத்தில் பிறந்து ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. ஒரு முனையில் இருப்பவர் தன் ஃபோட்டானை இரண்டு விதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளக்கிறார். அந்தத் தேர்வைப் பொறுத்து மறுமுனை ஃபோட்டானின் நிலை அமைகிறது. மறுமுனைக்காரருக்கு ஒரே சிக்கல்தான்: கையில் இருப்பது ஒற்றை ஃபோட்டான், அதை ஒரே ஒரு தடவைதான் அளக்க முடியும், அதிலிருந்து தேர்வு எது என்று சொல்ல முடியாது. சரி, அளப்பதற்கு முன் அதை ஒரு லேசர் குழாய்க்குள் அனுப்பி நூறு நகல் எடுத்துக்கொண்டால்? சில நகல்களை இப்படியும் சிலவற்றை அப்படியும் அளந்து விடையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒளி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிழை அந்த ‘நகல்’ என்ற சொல்லில் ஒளிந்திருந்தது.

ஃபோட்டானின் எந்த நிலையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒளி அலை தான் செல்லும் பாதைக்குக் குறுக்கே அதிர்கிறது. அந்த அதிர்வு கிடையாக இருக்கலாம், செங்குத்தாக இருக்கலாம், சாய்வாகவும் இருக்கலாம். போலராய்டு கண்ணாடி ஒரு திசை அதிர்வை விட்டு, அதற்குக் குறுக்கான அதிர்வைத் தடுத்துவிடும். செங்குத்து அதிர்வை விடும் கண்ணாடியில் 45 டிகிரி சாய்ந்த ஒளிக்கற்றை விழுந்தால் பாதி வெளிச்சம் கடக்கும். ஆனால் விழுவது ஒற்றை ஃபோட்டான் என்றால் பாதி ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. அது முழுதாகக் கடக்கும் அல்லது முழுதாக நிற்கும், வாய்ப்பு சரிபாதி. கடந்து வந்த ஃபோட்டான் இப்போது செங்குத்தாக அதிர்கிறது. முன்பு சாய்வாக இருந்ததற்கான தடயம் எதுவும் அதனிடம் இல்லை. ஆகவே அளந்து பார்த்துவிட்டு அதேபோல் இன்னொன்றைச் செய்துகொள்ளலாம் என்ற வழி அடைபட்டுவிடுகிறது.

அளக்காமலே நகலெடுக்கும் எந்திரம் இருந்தால் என்ன? அதற்கு விடை பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தைத் தாண்டவில்லை.

கிடை நிலையை க என்றும் செங்குத்து நிலையை ச என்றும் குறிப்போம். எந்திரத்துக்குள் க போனால் கக, அதாவது இரண்டு கிடை ஃபோட்டான்கள், வெளியே வர வேண்டும். ச போனால் சச வர வேண்டும். இதுவரை தடையில்லை, இந்த இரண்டு நிலைகளுக்கு மட்டும் நகலெடுக்கும் எந்திரத்தை விதிகள் அனுமதிக்கின்றன. இப்போது 45 டிகிரி சாய்ந்த ஃபோட்டானை உள்ளே விடுவோம். குவாண்டம் கணக்கில் அந்தச் சாய்வு நிலை வேறொன்றுமில்லை, க + ச என்ற கூட்டுதான். (வாய்ப்புகளின் கூட்டுத்தொகை ஒன்றாக வருவதற்குப் போடும் பெருக்கு எண்ணை இங்கே விட்டுவிடுவோம்.)

குவாண்டம் இயற்பியலின் அடிப்படை விதி ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. எந்த எந்திரமும் ஒரு கூட்டின்மேல் வேலை செய்யும்போது அதன் ஒவ்வோர் உறுப்பின்மேலும் தனித்தனியாக வேலை செய்து முடிவுகளைக் கூட்டித் தரும். இதற்கு நேரியல்பு என்று பெயர். அப்படியானால் க + ச உள்ளே போனால் வெளியே வருவது:

கக + சச

உண்மையான நகல் என்றால் வர வேண்டியது இரண்டு சாய்வு ஃபோட்டான்கள். அதாவது:

(க + ச)(க + ச) = கக + கச + சக + சச

நடுவில் இருக்க வேண்டிய கச, சக இரண்டையும் காணோம். வர்க்கங்களின் கூட்டல் வேறு, கூட்டலின் வர்க்கம் வேறு. தேற்றத்தின் நிரூபணம் இவ்வளவுதான். எந்திரத்துக்குள் எத்தனை பல்சக்கரம், எத்தனை அணுக்கள் இருந்தாலும் பயனில்லை. அவையும் இதே நேரியல்புக்குக் கட்டுப்பட்டவை. 45 டிகிரிக்கென்றே தனி எந்திரம் செய்யலாம். ஆனால் அது கிடையிலும் செங்குத்திலும் தோற்றுப்போகும்.

இந்த வேறுபாடு காகிதத்தோடு நிற்பதில்லை. எந்திரத்திலிருந்து வந்த இரண்டு ஃபோட்டான்களையும், 45 டிகிரி சாய்வா அல்லது அதற்குக் குறுக்கான எதிர்ச்சாய்வா என்று சோதித்துப் பார்க்கலாம். நல்ல நகலாக இருந்தால் எப்போதும் இரண்டும் சாய்வு என்றே காட்டும். கக + சச என்ற ஜோடியோ, சராசரியாக நூறில் ஐம்பது தடவை இரண்டும் எதிர்ச்சாய்வு என்று காட்டும். உள்ளே போனது அதற்கு நேர் எதிரானதாக இருந்தும்! எந்திரம் நகலெடுக்கத் தவறியதோடு, மூலப் பிரதியையும் கெடுத்துவிட்டது.

தேற்றத்தில் ‘தெரியாத நிலை’ என்ற சொல்தான் கனமானது. 45 டிகிரி என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆயிரம் ஃபோட்டான்களை அப்படியே தயாரிக்கலாம். செல்பேசியிலிருக்கும் படத்தை எத்தனை பேருக்கும் அனுப்ப முடிவதற்கும் இதுவே காரணம்: அங்கே இருப்பவை ஒன்றையொன்று ஐயமின்றிப் பிரித்தறியக்கூடிய 0, 1 என்ற இரண்டு நிலைகள் மட்டுமே, நம் க, ச போல.

இந்த நிரூபணத்தை வில்லியம் வூட்டர்ஸும் வோய்செக் சூரெக்கும் 1982இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு நெதர்லாந்தின் டென்னிஸ் டீக்ஸும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். ஹெர்பர்ட்டின் கட்டுரையை மதிப்பிட்ட இன்னொருவரான இத்தாலியர் ஜியான்கார்லோ கிரார்தி, நிராகரிக்கச் சொல்லி 1981இலேயே அனுப்பிய அறிக்கையில் இதே வாதத்தை எழுதியிருந்தார். ஆனால் அதை உடனே வெளியிடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜேம்ஸ் பார்க் என்பவர் 1970இலேயே இதைக் காட்டியிருந்தார், அதுவும் ஹெர்பர்ட்டின் கட்டுரை பின்னர் வெளியான அதே ‘ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில். யாரும் கவனிக்கவில்லை.

அப்படியானால் ஹெர்பர்ட் நம்பியிருந்த லேசர் குழாயில் என்னதான் நடக்கிறது? உள்ளே நுழையும் ஃபோட்டான், ஆற்றல் ஏறிய அணுக்களைத் தூண்டித் தன்னைப்போலவே இன்னொன்றை உமிழ வைக்கிறது. அதுவரை அவர் நினைத்தது சரி. ஆனால் அணுக்கள் தூண்டுதல் இல்லாமலும் தாமாகவே உமிழும், எந்தத் திசை அதிர்விலும். இந்தத் தன்னிச்சை உமிழ்வை நிறுத்தவே முடியாது. செங்குத்து ஃபோட்டான் ஒன்று உள்ளே இருக்கும்போது புதிதாகப் பிறப்பது செங்குத்தாக இருக்க இரண்டு பங்கு வாய்ப்பு, கிடையாக இருக்க ஒரு பங்கு. மூன்றில் இரண்டு தடவை நகல் சரி, ஒரு தடவை தவறு. வெளியே வரும் இரண்டு ஃபோட்டான்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு 2/3 + (1/3 × 1/2), அதாவது 5/6. எந்தத் திசைக்கும் ஒரே தரத்தில் ஒன்றை இரண்டாக்கும் எந்திரம் எட்டக்கூடிய உச்சம் இதே 5/6தான். அந்த அளவை எட்டும் எந்திரத்தை விளாதிமீர் புஷெக், மார்க் ஹில்லரி இருவரும் 1996இல் வடிவமைத்துக் காட்டினார்கள்.

இந்த 5/6 எங்கிருந்து வந்தது என்று 1998இல் சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஜிசன் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார். ஒளியைவிட வேகமாகச் செய்தி போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை வைத்துக்கொண்டு, நகல் அதிகபட்சம் எவ்வளவு நன்றாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். விடை 5/6 என்றே வந்தது. நகலின் தரம் அதைவிட மயிரிழை கூடினாலும் ஹெர்பர்ட்டின் ஃபிளாஷ் வேலை செய்துவிடும்.