லிம்போசைட் 58 சதவீதம்: அந்த ஒரு வரியை எப்படி வாசிப்பது?

காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வருகிறது. அதில் லிம்போசைட் என்ற வரியில் மட்டும் 58 சதவீதம் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் இயல்பான அளவு 20 முதல் 40 வரை என்று போட்டிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்ற சொல் முதலில் வந்து நிற்கும். சிலர் அந்தப் பயத்திலேயே பரிசோதனை மேல் பரிசோதனை எடுக்கிறார்கள். வேறு சிலர் ரத்தத்தில் கிருமி கூடிவிட்டது என்று நினைத்து, மருந்துக் கடையில் தாங்களாகவே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: சதவீதத்தை எண்ணிக்கையாக வாசிப்பது. அதே அறிக்கையில் மொத்த வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,200 என்று இருந்தால், அதில் 58 சதவீதம் 2,436. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 4,000 வரை இயல்பு. ஆக, இவருக்கு லிம்போசைட் கூடவே இல்லை. நியூட்ரோபில் என்ற மற்றொரு வகை வெள்ளை அணு குறைந்ததால்தான் லிம்போசைட்டின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. டெங்கு உள்ளிட்ட வைரஸ் காய்ச்சல்களில் இது அன்றாடம் காணும் நிலை. மாறாக, மொத்தம் 24,000 இருந்து அதில் 78 சதவீதம் லிம்போசைட் என்றால் 18,720. இதுதான் உண்மையான உயர்வு. பல அறிக்கைகளில் இந்தப் பெருக்கலைச் செய்து ‘அப்சல்யூட் லிம்போசைட் கவுண்ட்’ என்று தனி வரியாகவே தருகிறார்கள். இல்லாவிட்டால் நாமே கைபேசியில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறந்த சில வாரங்களிலிருந்து சுமார் நான்கு வயது வரை குழந்தைகளின் ரத்தத்தில் நியூட்ரோபிலை விட லிம்போசைட் அதிகமாக இருப்பதே இயல்பு. 60 சதவீதம் என்பது ஒரு வயதுக் குழந்தைக்கு வியப்பான எண்ணே அல்ல. ஆனால் சில பரிசோதனைக் கூடங்கள் குழந்தையின் அறிக்கையிலும் பெரியவர்களுக்கான அளவையே அச்சிட்டுவிடுகின்றன. தவறில்லை என்றால் ஏன் தடித்த எழுத்தில் போடுகிறார்கள் என்று கேட்பது நியாயம்தான். பொதுவாக இயல்பான அளவு என்று அச்சாகும் வரம்பு, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டது. எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்த வரம்புக்கு வெளியேதான் இருப்பார். இயந்திரம் வரம்பைத் தாண்டியதைச் சொல்கிறது. அது நோயா என்பதை அதனால் சொல்ல முடியாது.

அப்படியானால் உண்மையாகவே 18,720 வந்தவருக்கு என்ன பொருள்? அதற்கு இந்த அணுக்கள் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். லிம்போசைட்டில் முக்கியமானவை இரண்டு வகை. இரண்டும் எலும்பு மஜ்ஜையில்தான் தோன்றுகின்றன. ஒரு பிரிவு மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்குப் போய் முதிர்கிறது. அதுதான் டி செல். மற்றது மஜ்ஜையிலேயே முதிர்கிறது. அது பி செல். ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருளைச் செய்வது பி செல்தான். ஆனால் பெரும்பாலும் அது தனியாகச் செய்வதில்லை. கிருமியின் ஒரு துணுக்கு தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் கச்சிதமாகப் பொருந்தும்போது, பி செல் அதை உள்ளே இழுத்துச் சிதைத்து, அதன் சிறு பகுதியை வெளியே தூக்கிக் காட்டுகிறது. அதே கிருமியை ஏற்கெனவே அடையாளம் கண்ட உதவி டி செல் ஒன்று அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இந்தச் சந்திப்பு நடக்கும் இடம் நிணநீர்க் கணு. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அது இந்த வேலை மும்முரமாக நடப்பதன் அடையாளம். ஒப்புதல் கிடைத்த பி செல் பெருகுகிறது. அதன் வழித்தோன்றல்களில் சில பிளாஸ்மா செல்களாக மாறி நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. சில நினைவு செல்களாகத் தங்கிவிடுகின்றன. முதன்முறை வரும் கிருமிக்கு இதெல்லாம் நடந்து முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். டெங்கு காய்ச்சலின் இரண்டாம் நாளிலேயே எதிர்ப்பொருள் பரிசோதனை எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் டெங்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயைப் பிரித்தறியும் வழி அதில்தான் அடங்கியிருக்கிறது. நாம் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய கிருமிகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு என்றால் நம் மரபணுத் தொகுப்பில் இடம் போதாது. ஒவ்வொரு பி செல்லும் முதிரும்போது, சில மரபணுத் துண்டுகளை வெட்டி, தனக்கேயான ஒரு சேர்க்கையில் ஒட்டிக்கொள்கிறது என்பதை ஜப்பானிய அறிவியலாளர் சுசுமு டோனெகாவா 1976-ல் காட்டினார். அதற்காக 1987-ல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே ஒரு பி செல் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். எதிர்ப்பொருளின் ஒரு பகுதியான இலேசான சங்கிலி கப்பா, லாம்டா என இரண்டு வகைப்படும். ஒரு பி செல் இரண்டில் ஒன்றையே தேர்ந்துகொள்ளும். தன்னிலிருந்து பிறக்கும் எல்லா செல்களுக்கும் அதே தேர்வைக் கொடுத்துவிடும். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். கப்பா ஏறத்தாழ இரு மடங்கு.

ஒரு தொற்று வந்து பி செல்கள் பெருகினால், கிருமியின் பல துணுக்குகளுக்குப் பல வம்சத்து செல்கள் பெருகுகின்றன. கப்பாவும் லாம்டாவும் கலந்தே கூடுகின்றன. புற்றுநோயில் அப்படி இல்லை. கட்டுப்பாடு இழந்த ஒரே ஒரு செல்லின் வழித்தோன்றல்களே ரத்தத்தை நிரப்புவதால், எல்லாமே கப்பாவாக இருக்கும், அல்லது எல்லாமே லாம்டாவாக இருக்கும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற பரிசோதனை இதைத்தான் பார்க்கிறது. எத்தனை செல் என்ற கேள்வியை விட, எத்தனை தாய்க்குப் பிறந்தவை என்ற கேள்வியே முக்கியம் என்பதே என் வாதம். இதற்குக் கக்குவான் இருமலை விட நல்ல சான்று கிடையாது. அந்த நோயில் கைக்குழந்தையின் வெள்ளை அணுக்கள் சில சமயம் 50,000-ஐத் தாண்டும், பெரும்பாலும் லிம்போசைட்தான். அது புற்றுநோய் அல்ல. அக்கிருமியின் நச்சு, ரத்தத்தில் சுற்றும் லிம்போசைட் நிணநீர்க் கணுவுக்குள் திரும்பிப் போகாதபடி தடுத்துவிடுகிறது. வீடு திரும்பாதவர்கள் தெருவில் சேர்வது போல அவை ரத்தத்தில் சேர்கின்றன; பிறப்பு கூடியது அதற்கு முதன்மைக் காரணமில்லை. எண் மிரட்டுகிறது, ஆனால் அந்த எண்ணை வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது. அக்குழந்தைக்கு அந்தத் தொற்றே உயிருக்கு ஆபத்தானது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் கூடியது தெரிந்தவுடன் எல்லோருக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி எடுத்துவிட்டால் நிம்மதிதானே, புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஐம்பது வயது கடந்தவர்களுக்குத் தொடர்ந்து லிம்போசைட் கூடியிருந்தால் முதலில் நினைக்க வேண்டியது நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய். ஆனால் அதை உறுதிசெய்யவே, ஒரே வம்சத்து பி செல்கள் 5,000-க்கு மேல் குறைந்தது மூன்று மாதம் நீடிக்க வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட வரையறை. அறிகுறி இல்லாத தொடக்க நிலையில் மருந்து கொடுத்தவர்கள், கொடுக்காமல் கண்காணிக்கப்பட்டவர்களை விட அதிக நாள் வாழவில்லை என்பது பழைய மருந்துகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. இன்றும் அந்நிலையில் கண்காணிப்பே வழக்கம். ஆகவே காய்ச்சல் காலத்தில் கூடிய லிம்போசைட்டை, உடல் தேறிய நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பின் மறுபடி எண்ணிப் பார்ப்பது அலட்சியமாகாது, அதுவே முறை.

மறுபாதிக்கு வருகிறேன். காத்திருக்கக் கூடாத சூழல்கள் உண்டு. லிம்போசைட் கூடியதோடு ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் குறைந்திருந்தால், வலியில்லாத நெறி கழுத்திலோ அக்குளிலோ வாரக்கணக்கில் நீடித்தால், மண்ணீரல் வீங்கியிருந்தால், காரணமின்றி எடை குறைந்து இரவில் உடை நனைய வியர்த்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை: எண்ணும் இயந்திரம், முதிராத புற்றுநோய் அணுக்களைச் சில சமயம் லிம்போசைட் கணக்கில் சேர்த்துவிடும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனைதான் அதைப் பிடிக்கும். செலவு குறைந்த இந்தப் பரிசோதனை, விலை உயர்ந்த எந்த ‘பேக்கேஜ்’ஐயும் விட முதலில் கேட்க வேண்டியது. ஸ்மியர் பார்க்கும் முன் காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், குழந்தையின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாக மறைந்து, கண்டறிவது தள்ளிப்போகும். பெற்றோர் துணிந்து கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கிறதா?

புற்றுநோய் என்று உறுதியானவர்களிடம் இன்னொரு ஆபத்து கவனத்துக்கு வராமல் போகிறது. பி செல் கொட்டிக் கிடந்தாலும் அவை உருப்படியான எதிர்ப்பொருளைச் செய்வதில்லை. நல்ல பி செல்களும் ஒடுங்கிப் போகின்றன. எனவே எண்ணிக்கை மிகுந்தவருக்கே நிமோனியா எளிதில் வரும். நிமோகாக்கஸ், ஃப்ளூ தடுப்பூசிகள் இவர்களுக்குத் தேவை. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் ஆகாது.

கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறை சொல்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளிகள் உரிமை சாசனம், இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதையும், பரிசோதனையை எங்கே செய்வது என்று நோயாளியே தேர்வு செய்வதையும் உரிமையாகக் குறிப்பிடுகிறது. சாசனம் தனிச் சட்டமல்ல; ஆனாலும் இந்தக் கூடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துபவரிடம் அதைச் சுட்டிக்காட்டலாம். கட்டணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. கவனக்குறைவான அறிக்கையால் பாதிப்பு நேர்ந்தால் பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். எண் தவறியது மட்டும் போதாது, கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அதற்கு அறிக்கை, ரசீது, மறுபரிசோதனை முடிவு மூன்றும் வேண்டும். வழக்கு என்று எதுவும் இல்லாவிட்டாலும் பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் 6,000 இருந்த லிம்போசைட் இன்றும் 6,500 என்றால் மருத்துவர் பொறுத்துப் பார்ப்பார். ஆறு மாதத்தில் 30,000 என்பது 60,000 ஆகியிருந்தால் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார். அந்த வேறுபாடு இன்றைய அறிக்கையில் மட்டும் தெரியாது.