நஷ்டத்திற்கு விற்கும் கடை



சம்பளம் போட்ட வாரத்தில் பட்டணத்துப் பேரங்காடிகளின் விளம்பரத் தாள்கள் நம் கைக்கு வந்து சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்லுகிறது. அந்த நாள் கடைக்காரருக்கும் தெரியும். தாளின் முதல் பக்கத்தில் பால்மாவு, கோழி, மைலோ, முட்டை ஆகியவற்றின் விலை பெரிய எழுத்தில் இருக்கும். சில சமயம் அந்த விலையைப் பார்த்தால், "இது எப்படிக் கட்டுபடியாகும்?" என்று தோன்றும்.

கட்டுபடியாகாது என்பதுதான் உண்மை. எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் சொன்னார்: "ஐயா, அந்த விலைக்கு மொத்த வியாபாரி எனக்கே கொடுக்க மாட்டார். நானே வரிசையில நின்னு ரெண்டு பை வாங்கிட்டு வந்து என் கடையில வெச்சேன்!" ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டுதான் என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதற்கு இவரைப் போன்றவர்களும் ஒரு காரணம். அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சுற்றுவட்டாரத்துச் சிறு கடைக்காரர்களே முழுச் சரக்கையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

கொள்முதல் விலைக்கும் குறைவாக ஒரு பொருளை விற்றுவிட்டு ஒரு கடை எப்படி நிலைக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானாக வைத்துக்கொண்ட கணக்கு; எந்தக் கடையின் கணக்கும் அல்ல.

ஒரு பை பால்மாவு கடைக்கு 27 வெள்ளிக்கு வருகிறது. வழக்கமாக 30 வெள்ளிக்கு விற்பார்கள். இந்த வாரம் 24 வெள்ளி. ஆகவே ஒரு பைக்கு 3 வெள்ளி நஷ்டம். 400 பை விற்றால் 1,200 வெள்ளி போய்விடும். அந்த 400 பைகளை வாங்க 250 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 50 பேர் பால்மாவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மற்ற 200 பேரும் வந்த இடத்தில் ஆளுக்கு 70 வெள்ளிக்கு வேறு சாமான்களும் வாங்குகிறார்கள். அந்த 70 வெள்ளியில் கடைக்கு நிற்பது 12 வெள்ளி 60 காசு என்றால், 200 பேரிடமிருந்து 2,520 வெள்ளி வரும். நஷ்டம் 1,200 போக 1,320 வெள்ளி கையில் நிற்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அந்த 200 பேரில் பாதிப் பேர் மலிவு விற்பனை இல்லாவிட்டாலும் இதே கடைக்கு வந்து இதே சாமான்களை வாங்கியிருப்பார்கள் அல்லவா? அவர்கள் தரும் இலாபத்தைப் பால்மாவின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் புதிதாக வந்த 100 பேர் தந்தது 1,260 வெள்ளிதான். நஷ்டத்தைக் கழித்தால் மிச்சம் 60 வெள்ளி. விளம்பரத் தாள் அச்சடித்த செலவுக்கே அது பற்றாது. ஆகவே, நஷ்டத்திற்கு விற்பது கடைக்கும் ஒரு சூதாட்டம் போலத்தான். புது ஆட்கள் வர வேண்டும். வந்தவர்கள் வேறு சாமான்களும் வாங்க வேண்டும். பல சமயங்களில் அந்த 3 வெள்ளி நஷ்டத்தில் ஒரு பகுதியைப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். தன் சரக்கு வேகமாக விற்பனையானால் அதற்கும் இலாபம்தானே!

எல்லாப் பொருளையும் இப்படி விற்க முடியாது. எந்தப் பொருளின் விலை தாய்மார்களுக்கு மனப்பாடமாக இருக்கிறதோ, அதைத்தான் கடைக்காரர் தேர்ந்தெடுப்பார். பால்மாவின் விலையும் கோழியின் விலையும் நமக்கு நினைவில் இருக்கும். குறைத்தால் உடனே தெரியும். கடுகு, சோம்பு, பட்டை, பாத்திரம் துலக்கும் நார் ஆகியவற்றின் விலையைச் சட்டென்று சொல்லச் சொன்னால் நம்மில் பலர் விழிப்போம். அவற்றில் இருபது காசு கூட்டினாலும் யாருக்கும் தெரியாது. நினைவிருக்கும் பொருளில் விட்டதை நினைவில்லாத பொருளில் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். மலிவு விலைக் கோழி கடையின் கடைசிக் கோடியில் இருக்கும். அங்கே போய்ச் சேருவதற்குள் பிஸ்கட்டையும் இனிப்புத் தண்ணீரையும் விளையாட்டுச் சாமானையும் கடந்தாக வேண்டும். கோழிக்குப் பக்கத்திலேயே மசாலைத் தூள் அடுக்கியிருக்கும். அதற்கு மலிவு விலை கிடையாது.

இனி நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டணம் போய் வர வேனுக்கு 8 வெள்ளி ஆகிறது. அந்த வீட்டு அம்மாள் இரண்டு பை பால்மாவை 48 வெள்ளிக்கு வாங்குகிறார். தோட்டத்துக் கடையில் அதுவே 62 வெள்ளி. ஆக, 14 வெள்ளி மிச்சம். "வந்தது வந்தோம்" என்று பத்துக் கிலோ அரிசியும் எடுக்கிறார். தோட்டத்துக் கடையைவிட 2 வெள்ளி அதிகம். மூன்று கிலோ வெங்காயத்தில் 2 வெள்ளி 40 காசு அதிகம். மசாலைத் தூளில் ஒன்றரை வெள்ளியும் சலவைத் தூளில் ஒன்றரை வெள்ளியும் அதிகம். கூட்டிப் பார்த்தால் 7 வெள்ளி 40 காசு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். 14-இல் அதைக் கழித்தால் 6 வெள்ளி 60 காசு. வேன் கூலி 8 வெள்ளி. மலிவு விலைக்கு வாங்கப் போனவர் 1 வெள்ளி 40 காசு நஷ்டத்தோடு வீடு திரும்புகிறார். பிள்ளை அழுதான் என்று வாங்கிய பொம்மையை நான் இதில் சேர்க்கவில்லை.

அதே அம்மாள் பிள்ளைக்கு ஊசி போடவோ, வங்கியில் பணம் எடுக்கவோ எப்படியும் பட்டணம் போக வேண்டிய நாளில் கடைக்குள் நுழைந்து, பால்மாவை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், முழு 14 வெள்ளியும் அவருடையது. நம் கணக்கில் பால்மாவோடு மட்டும் திரும்பிப் போன 50 பேர் இருந்தார்களே, அவர்களில் ஒருவராக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடை அறிவித்த விலைக்கு நாம் வாங்குகிறோம், அவ்வளவுதான். தள்ளுவண்டியை எடுக்காமல் கைக்கூடையோடு உள்ளே போவது எனக்குப் பழக்கம். கூடை கனத்தால் கை தானாக நின்றுவிடும்.

நான் சொன்ன கணக்கில் தோட்டத்துக் கடையில் அரிசியும் வெங்காயமும் மலிவாக இருந்தன. எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. பல தோட்டங்களில் கடை விலை பட்டணத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். எது எங்கே மலிவு என்பதை எழுதி வைத்தால்தான் தெரியும். கடன் கணக்கு எழுதும் அந்தச் சிறிய 555 நோட்டு நம் எல்லாருக்கும் பழக்கமானதுதான். அதில் ஒன்றை நமக்கென்று வாங்கி, வீட்டில் அடிக்கடி வாங்கும் பத்துப் பன்னிரண்டு பொருள்களின் பெயர், எடை, கடை, விலை, தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அந்த வேலையை ஒப்படைத்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று. மூன்று நான்கு மாதம் எழுதினால், ஒரே பொருள் ஏறக்குறைய எத்தனை வாரத்திற்கு ஒருமுறை மலிவு விலைக்கு வருகிறது என்பது புரியும். அடுத்த மலிவு விற்பனை வரும் வரைக்கும் வேண்டியதை வாங்கினால் போதும். அதற்கு மேல் வாங்கினால் அரிசியில் வண்டு விழும், பால்மாவு கட்டி பிடிக்கும்.

எடையையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ பை 30 வெள்ளி, மலிவு விலைப் பை 24 வெள்ளி என்றால் 6 வெள்ளி குறைவு போலத் தெரியும். ஆனால் மலிவு விலைப் பையில் இருப்பது 800 கிராம் என்றால் இரண்டிலும் 100 கிராமுக்கு 3 வெள்ளிதான். குறைந்தது விலையல்ல, மாவு. சிவப்பு அட்டை தொங்குவதாலேயே எதுவும் மலிவாகிவிடாது. தாளில் இருக்கும் இருபது முப்பது பொருள்களில் உண்மையாகவே நஷ்டத்திற்கு விற்பது சிலவற்றைத்தான். மற்றவை வழக்கமான விலையிலேயே படம் பிடித்துப் போடப்பட்டவையாக இருக்கலாம். நோட்டைப் பார்த்தால் பிரித்துக்கொள்ளலாம். விலை உண்மையிலேயே குறைந்திருந்தால், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தோட்டத்துக் கடைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரங்காடி பால்மாவில் விட்ட பணத்தை மற்றப் பொருள்களில் எடுத்துவிடும். சிறு கடையில் அத்தனை பொருள்கள் ஏது? அவருக்கு நிறுவனம் நஷ்டத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அரிது. ஆகவே அவர் 31 வெள்ளி சொன்னால் கொள்ளை அடிக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது பேரங்காடி நமக்கு நோட்டில் எழுதிக் கொடுக்குமா? கடனுக்கு வாங்கும் பொருளின் விலையில் அந்தக் கடனின் கூலியும் சேர்ந்திருக்கிறது. ரொக்கம் இருக்கும்போது, "ரொக்கத்துக்கு என்ன விலை?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். சில சமயம் குறைப்பார்.

சரி, காலையில் எட்டு மணிக்கே போயும், "பால்மாவு தீர்ந்துவிட்டது" என்று சொன்னால் என்ன செய்வது? சொன்ன விலைக்கு விற்கும் எண்ணமே இல்லாமல் ஆளை வரவழைக்க விளம்பரம் செய்வதும், நியாயமான அளவு சரக்கு இல்லாமல் விளம்பரம் செய்வதும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் 400 பை வைத்து அது உண்மையாகவே விற்றுத் தீர்ந்திருந்தால் குற்றம் என்று சொல்ல முடியாது. "சரக்கு உள்ளவரை" என்று போட்டிருக்கிறதா, எத்தனை நாளுக்கு என்று தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறுப்பாளரிடம் அதே விலைக்குப் பிறகு தரச் சொல்லியோ, அதற்கு ஈடான வேறு பொருளைத் தரச் சொல்லியோ கேளுங்கள். சரக்கே வைக்காமல் ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால், விளம்பரத் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்து, உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்க அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

அந்தத் தாள் கல்லாவிலும் உதவும். அலமாரியில் 24 வெள்ளி என்று அட்டை தொங்கும். கல்லாவின் கணினியில் பழைய 30 வெள்ளியே இருக்கும். இது தவறுதலாக நடப்பதுதான் அதிகம். ஆனால் நஷ்டம் நமக்கு. நாற்பது சாமான் வாங்கினால் கண்ணில் படாது. இரண்டு பையை மட்டும் வாங்கினால் ரசீதைக் கையில் வாங்கிய உடனே தெரிந்துவிடும். கடையின் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே தாளைக் காட்டிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், 12 வெள்ளியைத் திருப்பி வாங்க மறுபடியும் 8 வெள்ளி வேன் கூலி கொடுக்க வேண்டும்.