‘ரெண்டு வார்த்தை பேசுங்க தம்பி!’ - ஆபீஸ் சீனியரின் பணி நிறைவு விழாவில் என்ன பேசலாம்?

மாதக் கடைசி நாள், மாலை நாலு மணி. மீட்டிங் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜை மேல் சால்வைகள், வாசலில் சந்தனக் கிண்ணம். முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய கிளார்க் ஒருவர் குடும்பத்தோடு முன்வரிசையில் கூச்சமாக உட்கார்ந்திருப்பார். வரிசையாக எல்லோரும் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்று பேசி முடித்ததும், சூப்பிரண்டு கண்கள் உங்கள் பக்கம் திரும்பும். “புதுசா வந்தவங்க சார்பா ஒருத்தர் பேசணும்ல... தம்பி, நீங்க வாங்க.”

குரூப் 4 எழுதி அரசு அலுவலகத்தில் சேர்ந்த பலருக்கும் முதல் மேடைப்பேச்சு இப்படித்தான் வந்து மாட்டும். தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது இப்போது 60. அறுபது முடிகிற மாதத்தின் கடைசி நாளில்தான் விடைபெறுவார்கள். (1-ம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதக் கடைசியிலேயே!) ஆக, யார் எப்போது போகிறார் என்பது ஆபீஸுக்கே முன்கூட்டியே தெரியும். ஒரு வாரம் முன்பே தயாராகலாம்.

முதல் வேலை, தேதிகளைச் சரிபார்ப்பது. எந்த வருஷம், எந்த ஊரில், எந்தப் பதவியில் சேர்ந்தார்? இந்த ஆபீஸுக்கு எப்போது வந்தார்? இதெல்லாம் அவருடைய பணிப்பதிவேட்டில் இருக்கும். ஆனால், அதே பதிவேட்டில் லீவு, தண்டனை எல்லாமும் இருக்கும். அதனால் அதை வாங்கிப் புரட்டாமல், நிர்வாகப் பிரிவில் இருப்பவரிடம் இந்த விவரங்களை மட்டும் கேளுங்கள். அவரிடமே கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்வார். மேடையில் அடிக்கடி நடக்கிற சொதப்பல் இதில்தான். “இந்த ஆபீஸில் 36 வருஷம் உழைத்தவர்” என்று ஒருவர் முழங்குவார். மொத்த சர்வீஸ்தான் 36 வருஷம், இந்த ஆபீஸுக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருக்கும். ஊர் ஊராக மாறுதலில் அலைந்த மீதி முப்பது வருஷத்தை அந்த ஒரு வரி முழுங்கிவிடும். அந்த அலைச்சலை அனுபவித்த மனைவி முன்வரிசையில்தான் இருக்கிறார்.

அடுத்து, எதைச் சொல்வது? ‘நேர்மையானவர், எளிமையானவர், எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்’ என்பதைப் போன மாதம் ஓய்வு பெற்றவருக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பதில், அவர் தினமும் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். சீனியர்கள் அவருடைய முப்பது வருஷத்தைப் பேசட்டும். நீங்கள் பார்த்த எட்டு மாசத்தை நீங்கள்தான் பேச முடியும். ‘ஃபைல் கட்டும்போது கடைசித் தாளுக்குப் பின்னால் ஒரு அட்டை வைப்பார்’ என்பது மாதிரி சின்ன விஷயமே போதும். வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் ஆபீஸில் என்னதான் செய்தார் என்று தெரியவே தெரியாது. அவர்களுக்கு அதுதான் புதுச் செய்தி.

ஓர் உதாரணம் பார்ப்போம். தாலுகா ஆபீஸ் உதவியாளர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளார்க் ஒவ்வொருவரிடமும் ‘தன்பதிவேடு’ என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். வருகிற கடிதம், மனு எல்லாவற்றையும் நம்பர் போட்டு, என்ன நடவடிக்கை எடுத்தார் என்று தேதியோடு எழுதும் நோட்டு அது. நம்மவர் அந்த நம்பரை வைத்து ஒரு பழக்கம் உண்டாக்கியிருக்கிறார். இனி பேச்சு:

“எல்லாருக்கும் வணக்கம். சார் சர்வீஸ்ல சேர்ந்தது 1989-ல. நான் இங்க வந்து எட்டு மாசம்தான் ஆகுது. அதனால நான் கண்ணால பார்த்த ஒண்ணே ஒண்ணை மட்டும் சொல்றேன். யார் மனு கொடுத்தாலும், சார் தன்பதிவேட்டுல பதிஞ்சதும், ஒரு துண்டுப் பேப்பர்ல அந்த நம்பரையும் தேதியையும் எழுதி அவங்க கையில கொடுப்பார். ‘அடுத்த தடவை முழுக்கதையும் சொல்ல வேணாம்மா, இதைக் காட்டினா போதும்’பார். ஒருநாள் சார் லீவு. ஒரு பாட்டி வந்தாங்க. படிக்கத் தெரியாது. சுருக்குப் பையிலருந்து அந்தத் துண்டுப் பேப்பரை எடுத்து நீட்டினாங்க. ரெண்டு நிமிஷத்துல ஃபைலைக் கண்டுபிடிச்சிட்டேன். சார் இல்லாத அன்னிக்கும் சார் வேலை நடந்துச்சு.

போன வாரம் சேர்ந்த ரெண்டு பேரும் பின்னாடி உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சம் முன்னாடி வாங்க. உங்கள்ல ஒருத்தருக்குத்தான் சாரோட சீட். அந்தப் பேப்பர் கத்தை இடதுபக்க டிராயர்ல இருக்கு. ஆன்லைன்ல ஃபைல் அனுப்பற முறை வந்தப்போ, சார் எங்களைப் பக்கத்துல உட்கார வெச்சு, ‘இதை எங்கப்பா அமுக்கணும்’னு கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டார். நீங்களும் எங்ககிட்ட கேளுங்க, யாரும் சிரிக்க மாட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சதை எங்களுக்கும் சொல்லுங்க. சார், உங்களுக்கும் அம்மாவுக்கும் எங்க வணக்கம்.”

அவ்வளவுதான். நிதானமாகப் பேசினாலும் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, புதியவர்களை வரவேற்ற விதம். வழக்கமாக என்ன நடக்கும்? “இந்தக் காலத்துப் பசங்க எப்பப் பாரு போன்லயே இருக்காங்க, சாரைப் பார்த்துக் கத்துக்கணும்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். பாராட்டு விழா திட்டு விழாவாகிவிடும். ஓய்வு பெறுபவருக்கே தர்மசங்கடம். இங்கே பெரியவரின் பழக்கம் ஒரு டிராயரில் இருக்கும் பொருளாக இளையவர் கைக்குப் போகிறது. அதோடு, அவரும் இளையவர்களிடம் கற்றுக்கொண்டவர் என்று வருகிறது. ஒருவரை உயர்த்த இன்னொருவரை இறக்கவே இல்லை. உங்கள் பேச்சில் புதியவர்களின் பெயரையும் சொல்லி அழையுங்கள். உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கூடாத இடங்களும் சில உண்டு. ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று பேசாதீர்கள், அது இரங்கல் கூட்டத்து வசனம். மெமோ, 17(பி) பற்றி ஜோக் வேண்டாம். சர்வீஸில் உண்மையிலேயே அதை வாங்கி, வருஷக்கணக்கில் தூக்கம் தொலைத்தவராக அவர் இருக்கலாம். ‘இனிமே வீட்ல காய் நறுக்கணும் சார்’ என்பதற்கு நாலு பேர் சிரிப்பார்கள், அவர் வீட்டுக்காரம்மா சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பென்ஷன் ஜோக். “உங்களுக்கென்ன சார், மாசாமாசம் பென்ஷன்!” என்று யாராவது சொன்னதும் ஹாலில் ஒரு கோடு விழும். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் அந்தப் பழைய பென்ஷன் திட்டத்தில் கிடையாது. அதற்காகவே வருஷக்கணக்கில் போராட்டம் நடந்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நீங்கள் வரவேற்க நிற்கும் புதியவர்கள். வாழ்த்த வந்த இடத்தில் அதைக் கிளறுவானேன்?

கடைசியாக, முந்தைய நாள் இரவு ஒருமுறை சத்தமாகப் படித்து, போனில் நேரம் பாருங்கள். நாலு நிமிஷத்தைத் தாண்டினால் ஒரு பத்தியை எடுத்துவிடுங்கள். முந்திப் பேசியவர்கள் எப்படியும் நேரத்தைத் தின்றிருப்பார்கள். கடைசியில் அவருடைய ஏற்புரை இருக்கிறது. டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போன பிறகு, பாதி காலியான ஹாலைப் பார்த்து அவர் பேசும்படி ஆகிவிடக் கூடாது. பேச்சை போனில் பார்த்துப் படிக்காமல் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும், கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடலாம்.