பனியில் கிளம்புவது வேறு, நிற்பது வேறு

நவம்பர் முதல் வாரம். டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், பழைய கார் விற்கும் ஓர் இடத்தில் என் அக்கா மகனோடு நின்றிருந்தேன். அவன் திருச்சியிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும். வேலைக்குப் போய்வர பஸ்ஸிலேயே தினம் இரண்டரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. பனி விழுவதற்குள் ஒரு கார் வாங்கிவிட வேண்டும். கையில் இருந்தது 20,000 டாலர்.

எதிரே இரண்டு கார்கள். ஒன்று உயரமான கிராஸ்ஓவர், ஆல் வீல் டிரைவ், சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் சூடு. விலை 17,500. மற்றது முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண செடான், முன் சீட்டில் மட்டும் சூடு. விலை 15,500.

“மாமா, இந்த ஊர்ப் பனிக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே சரி? பெரியதையே எடுத்துக்கலாமா?” என்றான்.

இங்கே புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்விதான் இது. நான் அவனைக் குனிந்து டயரைப் பார்க்கச் சொன்னேன்.

ஆல் வீல் டிரைவ் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: இன்ஜினின் இழுவையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது. சறுக்கும் சாலையில் கிளம்பவும் மேடேறவும் அது நன்றாகவே உதவும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது இன்ஜினின் இழுவைக்கு வேலையே இல்லை. பிரேக் என்பது எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வண்டி நிற்பதும், வளைவில் பாதையை விட்டு விலகாமல் திரும்புவதும், டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள்தான் ஒன்றரை டன் இரும்பை நிறுத்துகின்றன.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முன் சக்கரக் கார் பனியில் கிளம்பும்போது சக்கரம் சற்றே சுழன்று வழுக்கும். சாலை சறுக்குகிறது என்று ஓட்டுகிறவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஆல் வீல் டிரைவ் கார் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பி, எளிதாக 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடும். சாலையின் உண்மை நிலை முதன்முதலாகத் தெரிவது சிவப்பு விளக்குக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கும்போதுதான். புதியவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

குளிர்கால டயரில் என்ன விசேஷம்? மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் இறுகிப்போவதை நாம் பார்த்திருக்கிறோம். ரப்பருக்கும் ஏறத்தாழ அதே கதைதான். சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்துவிடும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தாது, மேலாக வழுக்கும். குளிர்கால டயரின் ரப்பர் கலவை கடும் குளிரிலும் மெதுவாகவே இருக்கும். அதன் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். ஆகவே பூஜ்யத்துக்குக் கீழே, பனி படிந்த சாலையில் இந்த டயருக்கே பிடிப்பு அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த பிறகு 14 மீட்டர் தூரத்தில் நின்றுவிடும். அழுந்திய பனியில், பிடிப்பு அளவு 0.3 என்று வைத்தால் 33 மீட்டர் ஓடும். டயர் மோசமாகிப் பிடிப்பு 0.2 ஆக இறங்கினால் 49 மீட்டர். வித்தியாசம் 16 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை, இரண்டாவது கார் இன்னும் 29 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் பாதசாரி கடக்கும் கோடு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்ற கேள்வி எங்கேயும் வரவில்லை.

அந்தக் கிராஸ்ஓவரின் டயர் ஓரத்தில் எம் பிளஸ் எஸ் என்று எழுதியிருந்தது. சேற்றுக்கும் பனிக்கும் என்பதன் சுருக்கம். விற்பவர் அதைக் காட்டி, “இதுவே போதும்” என்றார். போதாது. அந்த எழுத்து டயரின் வெட்டு அமைப்பைக் குறிப்பது. அதைப் பொறிக்கப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பார்க்க வேண்டிய அடையாளம் வேறு: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். சோதனையில் தேறிய டயருக்குத்தான் அந்தப் படம். அடுத்து டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். 3516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். அந்தக் காரில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. கட்டை உயரத்தை அளக்கும் சிறு கருவியைச் செருகினேன், 3 மில்லிமீட்டர் காட்டியது. பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயரை நம்பக் கூடாது.

இனிக் காசுக் கணக்கு. ஒண்டாரியோவில் பழைய காருக்கும் 13 சதவீத வரி உண்டு. பெரிய கார் வரியோடு 19,775. மிச்சம் 225 டாலர், அதில் ஒரு நல்ல டயர்தான் வாங்கலாம். செடான் வரியோடு 17,515. மிச்சம் 2,485. இரும்பு ரிம்மோடு நான்கு குளிர்கால டயர் மாட்ட, நாங்கள் விசாரித்த கடையில் வரி சேர்த்து 1,150 சொன்னார்கள். தனி ரிம் வாங்குவது வீண் செலவு இல்லை. இல்லாவிட்டால் ஒவ்வொரு வசந்தத்திலும் குளிர்காலத்திலும் ரப்பரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்ட வேண்டும், கூலியும் கூடும், டயரின் விளிம்பும் தேயும். கோடையில் ஓட்டும் டயர் அந்த ஆறு மாதம் ஓய்வெடுப்பதால் அதன் ஆயுளும் நீளும்.

“இழுக்கிற முன் சக்கரத்துக்கு மட்டும் ரெண்டு போட்டா என்ன மாமா, பாதிக் காசு மிச்சமாகுமே?” என்றான். கூடவே கூடாது. முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் பிடிக்காவிட்டால், வளைவில் பிரேக் தொட்டதும் வால் வீசிக் கார் பம்பரம்போல் சுற்றிவிடும். போட்டால் நான்கும் போட வேண்டும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். ஒண்டாரியோவில் அப்படி இல்லை. ஆனால் 2016 முதல், குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தாக வேண்டும். நாமே கேட்டு வாங்க வேண்டும், பலர் கேட்பதில்லை.

அப்படியென்றால் ஆல் வீல் டிரைவே வேண்டாமா? செங்குத்தான வாசல் ஏற்றம் உள்ள வீடு, விடியுமுன் பனி வாரும் வண்டி வராத கிராமச் சாலை, வட ஒண்டாரியோவில் வேலை என்றால் நிச்சயம் வேண்டும், குளிர்கால டயரோடு சேர்த்து. ஸ்கார்பரோவின் பெரிய சாலைகளில் பனி வாரி உப்புத் தூவிவிடுகிறார்கள். அங்கே அதற்காகக் கூடுதல் எரிபொருளும் பின் அச்சுக்கான பராமரிப்பும் சுமக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பல ஆல் வீல் கார்களில் நான்கு டயரும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் நான்கையும் மாற்றச் சொல்வார்கள்.

சூடு தரும் வசதிகளில் கண்ணுக்கானதையும் உடம்புக்கானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கானதே முதலில். பின் கண்ணாடியில் ஓடும் மெல்லிய சூட்டுக் கம்பிகள், பக்கக் கண்ணாடிகளின் சூடு, இவை இல்லாமல் ஜனவரியில் லேன் மாறுவது குருட்டு ஓட்டம். பின் கண்ணாடியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடியில் மூச்சை ஊதி ஆவி படியவைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். சற்று நேரத்தில் ஒவ்வொரு கம்பியை ஒட்டியும் கோடுகோடாகத் தெளியும். தெளியாமல் ஆவியாகவே நிற்கும் கோடு இருந்தால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது. செடானில் கீழிருந்து இரண்டாவது கம்பி அறுந்திருந்தது. ஒன்று போனால் பெரிதில்லை, ஆனால் அதைச் சொல்லி 100 டாலர் குறைத்தோம்.

உடம்புக்கான சூட்டை ஆடம்பரம் என்று நான் ஒருகாலத்தில் நினைத்தேன், தவறு. காருக்குள் வீசும் சூட்டுக் காற்று இன்ஜினின் வெப்பத்திலிருந்து வருவது. மைனஸ் 15இல் இன்ஜின் சூடேறப் பத்து நிமிடம்கூட ஆகும். சீட் சூடு மின்சாரத்தில் நடப்பதால் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும். அது வந்தால் தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம், பெல்ட் உடம்போடு ஒட்டி நிற்கும். குழந்தை விஷயத்தில் இது உயிர்க் காரியம். பஞ்சு அடைத்த குளிர்க் கோட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் வாரிட்டால், வார் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். மோதலில் அந்தப் பஞ்சு நசுங்கி, வார் தளர்ந்து, குழந்தை நழுவும். மெல்லிய உடுப்பில் வாரிட்டு, மேலே கம்பளியைப் போர்த்துவதுதான் முறை. அதற்குக் கார் முன்பே சூடாகியிருக்க வேண்டும். எனவே மிச்சக் காசில் 450 டாலருக்கு வீட்டுக்குள்ளிருந்தே இன்ஜினைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டர் போடச் சொன்னேன். ஷெட்டுக்குள் நிற்கும் காரில் மட்டும் அதை அழுத்தவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் ஏறும். பனி கொட்டிய மறுநாள் புகைக் குழாய் அடைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வின்னிபெக், சஸ்கட்டூன் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியம் பிளாக் ஹீட்டர். காரின் முன் வலையிலிருந்து ஒரு பிளக் தொங்கும். மைனஸ் 30இல் இரவே அதை மின்சாரத்தில் செருகாவிட்டால் காலையில் இன்ஜின் கிளம்பாமலே போகலாம்.

செடானையே எடுத்தான். டயர் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லியிருந்தேன், புது ரிம் படிந்ததும் அவை தளரும். போனபோது ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது. டிசம்பரில் முதல் பனி விழுந்த ஞாயிறு காலை, காலியான ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அவனை அழைத்துப் போனேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொன்னேன். மிதி காலடியில் தடதடவென்று அதிர்ந்ததும் பயந்து காலை எடுத்துவிட்டான். “அது ஏ.பி.எஸ். வேலை செய்யுற சத்தம்ப்பா, காலை எடுக்காதே, அழுத்திக்கிட்டே திருப்பு” என்றேன். ஆறாவது தடவை, நான் வைத்திருந்த காலி அட்டைப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் நிறுத்தினான்.